ஒரே வீட்டில் மூன்று பேருக்குச் சளிக்காய்ச்சல்: யாருக்கு வீடு, யாருக்குக் கடை, யாருக்கு டாக்டர்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சளி, காய்ச்சல். முதலில் எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்கு வந்தது. 4 வயது, 14 கிலோ. இரண்டு நாள் 101 அடித்தது, இப்போது காய்ச்சல் இல்லை. ஆனால் மூக்கில் பச்சையாகச் சளி, ராத்திரி இருமி இருமி வாந்தி எடுக்கிறாள். அடுத்து கணவருக்கு (36 வயது) தொண்டைவலியும் மூக்கொழுகலும். பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காது என்று கடையில் மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டார். நேற்று மதியம் மாமனாருக்குத் திடீரென்று குளிரும் 102 காய்ச்சலும் வந்தது. 69 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. உடம்பு முறித்துப் போட்டதுபோல் படுத்திருக்கிறார். "சளிக்கெல்லாம் எதுக்கு டாக்டர்" என்று மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கி வரச் சொன்னார், அதைத்தான் சாப்பிடுகிறார். மாமியார் குழந்தைக்கு ஆவி பிடிக்கச் சொல்கிறார். எப்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், மெடிக்கலில் என்ன கேட்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

முதலில் மாமனாரை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வீட்டில் அதிகமாக இருமுவது குழந்தை, அதிகமாகப் புலம்புவது அநேகமாகக் கணவர். ஆனாலும் முதலில் போக வேண்டியவர் மாமனார்தான்.

மகளுக்கு வந்த அதே கிருமிதான் அவருக்கும் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் வரிசை. ஒரே வைரஸ் ஒரு வயதில் மூக்கொழுகலோடு போகும், இன்னொரு வயதில் நுரையீரலுக்கு இறங்கும். அதனால் வீடா, கடையா, டாக்டரா என்று முடிவெடுக்கும்போது சளியின் நிறத்தையும் இருமலின் சத்தத்தையும் விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆள், நாள், மூச்சு. யாருக்கு வந்திருக்கிறது, எத்தனையாவது நாள், மூச்சு எப்படி இருக்கிறது.

மாமனாரிடம் இந்த மூன்றில் முதலாவதே போதும். சாதாரணச் சளி மெதுவாக வரும். இன்று தொண்டைக் கரகரப்பு, நாளை தும்மல், மறுநாள் மூக்கடைப்பு என்று ஏறும், பெரியவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இருக்காது. இன்ஃப்ளூயன்ஸா என்கிற ஃப்ளூ அப்படி வராது. காலையில் நன்றாக இருந்தவர் மதியம் குளிர்ந்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்து, படுக்கையில் விழுவார். "நேற்று மதியம் திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே ஃப்ளூவைச் சந்தேகிக்கப் போதுமானது.

மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது உருவான முறை அது. லேசான காய்ச்சல், இருமல், உடம்புவலி மட்டும் உள்ளவர் ஏ. பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டிலிருந்தால் போதும். அதே அறிகுறிகளோடு 65 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, சுகர் உள்ளவர், இதயம், நுரையீரல், சிறுநீரகம், ஈரலில் நோய் உள்ளவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்றால் பி. காய்ச்சல் கடுமையாக அடித்துத் தொண்டையும் மோசமாக வலித்தால் மற்றவர்களும் பி-க்குள் வரலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது இவற்றில் ஒன்று வந்தாலும் சி, அதாவது உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர். உங்கள் மாமனார் வயதாலும் பி, சுகராலும் பி.

பி வகைக்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். பல வருடம் சுகர் இருப்பவருக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு என்பதால் இதை டாக்டர்தான் எழுத வேண்டும், சீட்டு இல்லாமல் கடையில் தரவும் கூடாது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும். நேற்று மதியம் ஆரம்பித்தது என்றால் நாளை மதியத்தோடு அந்த நேரம் முடிகிறது. இன்றே போகச் சொல்வது இதனால்தான். பிந்திவிட்டால் போவதில் பயனே இல்லை என்று நினைக்க வேண்டாம், அவரைப் போன்றவர்களுக்குப் பிந்தியும் தொடங்குவார்கள். ஆனால் கிடைக்கிற பலனை எதற்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்தது அந்த செட் மாத்திரை. ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்து, மூன்று வேளைக்கும் சின்னச் சின்னப் பேப்பரில் மடித்துத் தந்திருப்பார்கள். பெயர் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கம் கத்தரியோடு போயிருக்கும். பொதுவாக அதற்குள் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், வயிறு எரியாமல் இருக்க ஒன்று இருக்கும். சில செட்டுகளில் இவற்றோடு சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார், "கை ராசி" என்று கடைக்குப் பேரும் வந்துவிடும். சுகர் உள்ளவருக்கு அந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றக்கூடியது, அதன்மேல் இதுவும்.

காய்ச்சல் மாத்திரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மூன்று வேளை என்றால் 1950. கூடவே இருக்கிற சளி மாத்திரையிலும் பெரும்பாலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதுவும் மூன்று வேளை என்றால் 1500. மொத்தம் 3450. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4000 தான். மெலிந்த உடம்புள்ள, சரியாகச் சாப்பிடாத வயதானவருக்கு 3000-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதைவிடவும் குறைவு. தலைவலிக்கு என்று வீட்டில் இருந்த இன்னொன்றையும் அவர் போட்டிருந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும், பாதிப்பு ஈரலுக்கு.

சளி மாத்திரையில் உள்ள மற்ற இரண்டும் அவருக்கு ஆகாது. மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் வேலை செய்கிறது, அதனால் பிரஷரை ஏற்றலாம். மூக்கொழுகலை நிறுத்தும் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொடுக்கும், வயதானவரைத் தடுமாற வைக்கும், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளவும் செய்யும். இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிட்டார் என்கிற கதைகளில் சிலவற்றுக்கு இந்த மாத்திரை காரணமாக இருந்திருக்கும்.

டாக்டரைப் பார்க்கும்வரை அவருக்குத் தனி பாராசிட்டமால் மட்டும் போதும். 500 அல்லது 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை சர்க்கரை பாருங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவை டாக்டரிடம் கேளுங்கள். அவருடைய சுகர் மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் இருந்து, அவர் சாப்பாடு தண்ணீர் எடுக்காமலோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உடம்பில் நீர் குறையும்போது அந்த வகை மாத்திரை ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தை உண்டாக்கும். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எந்த மேஜை டிராயரிலாவது கிடக்கும். பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, விரல் சூடாக இருக்கும்போது, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். 95-ம் அதற்கு மேலும் என்றால் நிம்மதி. 94 என்றால் சற்றுப் பொறுத்து வேறு விரலில் பாருங்கள், மறுபடியும் அதேதான் என்றால் அன்றே டாக்டர். அதற்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, 90-க்குக் கீழ் என்றால் 108. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆளைப் பார்க்காமல் விட்டுவிடவும் கூடாது. வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் சில நேரம் காய்ச்சலே அடிக்காது. பேச்சு குழறுவது, இருக்கிற இடம் தெரியாமல் பேசுவது, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுப்பது, நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குவது, இவைதான் அறிகுறிகள்.

இனி மகள். பச்சைச் சளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சளி முதலில் தண்ணீராக ஓடும், மூன்று நான்கு நாளில் கெட்டியாகி மஞ்சளாகும், பச்சையாகும், பிறகு குறையும். அந்த நிறம் கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் பச்சை வரும் என்பதால் பச்சை வந்ததும் ஆன்டிபயாடிக் என்பது தவறான கணக்கு. இருமி வாந்தி எடுப்பதும் இந்த வயதில் சகஜம். சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்குகிறாள், வயிறு நிறைய சளி, இருமும்போது அழுத்தத்தில் வெளியே வருகிறது. வாந்தி எடுத்தபின் நன்றாகத் தூங்குகிறாளா, விளையாடுகிறாளா என்று பாருங்கள். முதுகில் கை வைத்தால் கரகரவென்று அதிர்வது தெரியும், "நெஞ்செல்லாம் சளி கட்டியிருக்கு" என்று பாட்டிமார் சொல்வார்கள். பெரும்பாலும் தொண்டையிலும் மூக்குக்குப் பின்புறமும் உள்ள சளியின் சத்தம்தான் அது.

நெஞ்சுக்குச் சளி இறங்கியதா என்று தெரிந்துகொள்ள ஸ்டெதஸ்கோப் இல்லாத வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. மூச்சை எண்ணுவது. அவள் தூங்கும்போது, அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையை மேலே தூக்கி வயிறும் மார்பும் தெரியும்படி வையுங்கள். அழுத உடனே, ஓடி வந்த உடனே எண்ணினால் தப்பாக வரும். காய்ச்சல் அடிக்கும்போதும் மூச்சு வேகமாகத்தான் இருக்கும், இறங்கியபின் இன்னொரு முறை எண்ணுங்கள். போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று என்று முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுவரை அந்த எல்லை 50. 2 மாதத்துக்குள் 60. உலக சுகாதார நிறுவனம் கிராமச் செவிலியர்களுக்குக் கற்றுத்தரும் எண்கள் இவை. ஒரு அம்மாவுக்கும் இவை போதும்.

எண்ணும்போதே விலா எலும்புகளுக்குக் கீழே பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழ, மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், அல்லது மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்பது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் நிறுத்துவது, எதையும் குடிக்க மறுப்பது, குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, எழுப்பினால் சரியாக முழிக்காமல் இருப்பது, வலிப்பு, இவையும் அப்படித்தான். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் கிளம்ப வேண்டியவை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இந்தப் பட்டியலே தேவையில்லை. 100.4 காய்ச்சல் காட்டினாலே நேராக ஆஸ்பத்திரி. மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலையே கூடாது.

இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் மகளுக்கு வீடே போதும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து மெடிக்கலில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு முன்பும் தூங்கும் முன்பும் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, சிறிது பொறுத்துச் சிந்த வையுங்கள். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். மிளகு ரசம், இளஞ்சூடான கஞ்சி, மோர் எது இறங்குகிறதோ கொடுங்கள். மோர் குடித்தால் சளி கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம், ரசத்தையே கொடுத்துவிடலாம்.

ஆவி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் நான்கு வயதுக் குழந்தையைப் போர்வையால் மூடி உட்கார வைத்தால், ஒரு திமிறலில் பாத்திரம் மடியில் கவிழும். சளி ஒரு வாரத்தில் போய்விடும், தொடையில் வெந்த தழும்பு போகாது. பெரியவர்கள் வேண்டுமானால் பிடிக்கலாம். கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மார்பில் தேய்ப்பதும், அதை மூக்கருகே தடவுவதும் குழந்தைகளுக்கு வேண்டாம், வாய்வழி உள்ளே போனால் வலிப்பு வரும். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் வழுக்கி நுரையீரலுக்கு இறங்கினால் அதுவே நிமோனியா ஆகிவிடும்.

இருமல் சிரப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கடையில் கண்டிப்பாகத் தருவார்கள். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அது தேவையில்லை. இருமலை அது குறைக்கிறது என்பதற்கே பெரிய ஆதாரம் கிடையாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குள் தரக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது, லேபிளில் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அதன் பிறகு மத்திய அரசு, 2 வயதுக்குள் இந்தச் சிரப்புகள் கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சாதாரணச் சளிக்கு இவ்வளவு ஆபத்தை எதற்கு வாங்க வேண்டும்?

மறுபடியும் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். அதில்தான் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிறது. எத்தனை வயதுக்கு எத்தனை மில்லி என்று பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம். 14 கிலோவுக்கு 210, சுலபமாக அளக்க 200 என்று வைத்துக்கொள்ளலாம். இனி பாட்டிலைப் பாருங்கள். கடையில் ஒரே பெயரில் மூன்று வகை இருக்கும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 200-க்கு 4 மில்லி. 5 மில்லியில் 125 உள்ளது என்றால் 8 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 2 மில்லி. மூன்றும் ஒரே அளவு மருந்துதான். போன தடவை 8 மில்லி கொடுத்தோமே என்று, கடைக்காரர் மாற்றிக் கொடுத்த 250 பாட்டிலில் 8 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்தில் 8 மில்லி என்றால் நான்கு மடங்கு, அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரல் கெடும். நேர்மாறாக, 250-க்குச் சொன்ன 4 மில்லியை 125 பாட்டிலில் கொடுத்துவிட்டு "மருந்து கேக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களும் உண்டு. அதனால் பாட்டில் வாங்கியதுமே அதன்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, 250 பாட்டில் என்றால் "14 கிலோ, 4 மில்லி" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். குலுக்கி, கூடவே வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளக்க வேண்டும், சமையலறைக் கரண்டி ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறை. 100 காட்டினாலும் விளையாடிக்கொண்டிருந்தால் மருந்தே வேண்டாம். உடம்பைத் துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் பட்டால் குழந்தை நடுங்கும், நடுங்கினால் உள்சூடு ஏறும்.

கணவர் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். அவருக்குக் காய்ச்சல் இல்லை, தொண்டைவலியோடு மூக்கும் ஒழுகுகிறது, வயது 36. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது, தேவைப்பட்டால் ஒரு பாராசிட்டமால், மூக்கு விடாமல் ஒழுகினால் இரவில் ஒரு செட்ரிசின், அது தூக்கம் தரும் என்பதால் போட்டுவிட்டுத் தையல் மெஷினிலும் பைக்கிலும் உட்கார வேண்டாம். மூக்கடைப்புக்கு ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் ஸ்பிரே வாங்கினால் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மருந்து இறங்க இறங்க மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி அடிப்பார், மறுபடி அடைக்கும், மாதக்கணக்கில் ஸ்பிரேயோடு அலைகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அவர் போட்டுக்கொண்ட மூன்று நாள் ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. அப்படியானால் ஏன் எல்லாருக்கும் அதில் "கேக்குது"? சளி இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கத் தொடங்கும். ஆள் பொறுமை இழந்து கடைக்குப் போவதும் அந்த இரண்டாவது மூன்றாவது நாளில்தான். மாத்திரை முடியும்போது சளியும் முடிகிறது, பேர் மாத்திரைக்குப் போகிறது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சலும் தொண்டைவலியும் மட்டும் இருந்து, வாயைத் திறந்தால் உள்நாக்குக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், ஆனால் எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மெடிக்கலில் வெறுமனே "சளிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டால் செட்தான் வரும். யாருக்கு என்று முதலில் சொல்லுங்கள்: வயது, குழந்தையானால் எடை, சுகர், பிரஷர், சிறுநீரகம், புராஸ்டேட், கர்ப்பம், தாய்ப்பால் இவற்றில் ஏதாவது உண்டா, ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடுகிறது. கவுன்ட்டரில் நிற்கும் பையனைத் தாண்டி பார்மசிஸ்டிடம் பேசுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற ஸ்ட்ரிப்பாகக் கேளுங்கள், பில் கேளுங்கள். தனி பாராசிட்டமால், உப்புநீர்ச் சொட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பெரியவர்களுக்குக் கணவர் விஷயத்தில் சொன்ன செட்ரிசினும் மூக்கு ஸ்பிரேயும், கடையில் வாங்க இவ்வளவுதான் உண்டு.

மழைக்காலத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மூக்கும் ஒழுகாமல் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இரண்டாவது நாளிலேயே ரத்தப் பரிசோதனைக்குக் காட்டிவிடுவது நல்லது. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும், பெரும்பாலும் மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள். காய்ச்சல் விட்டும் ஆள் சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், பல் ஈறில் ரத்தம் கசிந்தால் அது குணமாகிற அறிகுறி அல்ல. டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் காய்ச்சலுக்குக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். குழந்தைகளின் காய்ச்சல் சிரப் பலவற்றில் பாராசிட்டமாலோடு மெஃபனமிக் அமிலம் கலந்திருக்கிறது, லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மாமனார் இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாள் கணக்கு மிச்சம் இருக்கிறது. காலண்டரில் முதல் காய்ச்சல் நாளை வட்டமிட்டு வையுங்கள். மூன்று நாளுக்கு மேலும் காய்ச்சல் விடவில்லை என்றால் யாராக இருந்தாலும் டாக்டர். பத்து நாளாகியும் சளி கொஞ்சம்கூடக் குறையவில்லை, முகம் கனக்கிறது, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்றாலும் டாக்டர். இவற்றைவிட முக்கியமானது ஒன்று: குறைந்து வந்தது திரும்பி ஏறுவது. ஐந்தாவது நாள் எழுந்து நடமாடியவருக்கு ஏழாவது நாள் மறுபடி குளிர்காய்ச்சல் வந்து சளி கூடினால், வைரஸ் புண்ணாக்கி வைத்த நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். உங்கள் மகளுக்கு இப்போது காய்ச்சல் விட்டிருக்கிறது, இனி இந்த வாரம் திரும்ப வந்தால் அன்றே காட்டுங்கள். வெறும் இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுப்பது சளிக்குப் பிறகு சகஜம்தான். ஆனால் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அங்கே இலவசம்.

நள்ளிரவில் போவதா வேண்டாமா என்று குழம்பினால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். மேலே சொன்ன மூச்சு அறிகுறி இருந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

இன்று மாமனாரோடு கிளம்பும்போது ஒரு தாளில் காய்ச்சல் ஆரம்பித்த நேரம், பார்த்த அளவுகள், சர்க்கரை எண், ஆக்சிமீட்டர் எண் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய சுகர், பிரஷர் மாத்திரை ஸ்ட்ரிப்புகளையும் மிச்சமிருக்கும் செட் மாத்திரையையும் அந்தப் பேப்பரோடு அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்டிய மாத்திரையாக இருந்தாலும், நிறத்தையும் அளவையும் பின்னால் மிஞ்சியிருக்கும் இரண்டு எழுத்தையும் வைத்து அதற்குள் என்ன போயிருக்கிறது என்று பல நேரம் கண்டுபிடித்துவிடலாம். போனவுடன் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று அவர் கேட்பார். காய்ச்சலைக் குறைக்கப் போடும் ஊசிகளில் டைக்ளோஃபெனாக்கும் ஒன்று, அவருடைய சிறுநீரகத்துக்கு அது ஆகாது, டெங்குவாக இருந்தால் இன்னும் ஆபத்து. குணமானபின் ஃப்ளூ தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் அதே டாக்டரிடம் கேட்டு வாருங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசியை ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும்.